பதினெட்டாயிரம் சம்பளம், பட்டறைக்கு எவ்வளவு செலவு?

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. நான்கு சி.என்.சி. லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், ஆபீஸ் ஆட்களையும் சேர்த்து 22 பேர். பம்பு கம்பெனிகள் அனுப்பும் வார்ப்பிரும்பு உருப்படிகளைக் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் தொழில். அங்கே நான் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் மூன்றாம் நம்பர் மெஷினில் மட்டும் மூன்று ஆட்கள் மாறினார்கள். வருடக் கடைசியில் லாபம் குறைந்திருந்தது. ஆள் மாறியதுதான் காரணம் என்று நான் சொன்னபோது முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, ஒருத்தன் போனான், இன்னொருத்தன் வந்தான். மாசம் பதினெட்டாயிரந்தானுங்களே ரெண்டு பேருக்கும்? இதுல எனக்கு என்னங்க நட்டம்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மூன்று பேர் மாறினாலும் சம்பளப் பேரேட்டில் ஒரு ஆளின் சம்பளம்தான் தெரியும். மற்ற செலவெல்லாம் வேறு வேறு தலைப்புகளில் போய் ஒளிந்துகொள்கிறது. உடைந்த இன்சர்ட் 'நுகர்பொருள்' என்று எழுதப்படும். கெட்டுப்போன உருப்படிக்கு வாடிக்கையாளர் அனுப்பும் டெபிட் நோட் வருமானத்தில் கழிந்துவிடும். சொல்லிக்கொடுத்த செட்டரின் நேரம் அவருடைய சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மெஷின் மெதுவாக ஓடியது எங்குமே எழுதப்படாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, புதிதாக ஒரு ஆப்பரேட்டரைச் சேர்த்தால் உண்மையில் என்ன ஆகிறது என்று இருவரும் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். பட்டறையின் எண்களைச் சற்று உருட்டித் தந்திருக்கிறேன். சட்டத்தின் விகிதங்கள் அப்படியே இருக்கின்றன.

முதலில் மாதாமாதம் போகிற பணம். சம்பளம் 18,000 ரூபாய், முழுவதும் அடிப்படையும் பஞ்சப்படியும்தான். 20 பேருக்கு மேல் இருப்பதால் வருங்கால வைப்பு நிதி உண்டு. அதில் முதலாளியின் பங்கு 12 சதவீதம். கூடவே காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம். ஆக மொத்தம் 13. இதற்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருப்பதால் அந்தத் தொகைக்கு மட்டும் கட்டினால் போதும்: 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், 18,000-க்கு 585 ரூபாய். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்பது இந்தப் பட்டறையின் வழக்கம்; மாதத்துக்குப் பிரித்தால் 1,500. பணிக்கொடை வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டது. மாதம் 865 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

பணிக்கொடையை நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஐந்து வருடம் இருந்தால்தானே என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல ஆள் ஐந்து வருடம் இருக்கத்தான் செய்வார். அப்போது மொத்தமாக வந்து நிற்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதிச் சேர்ப்பவருக்கு ஒரு வருடத்திலேயே இந்த உரிமை வந்துவிடுகிறது.

இதோடு இரண்டு வேளை டீ, ஒரு நாளைக்கு 24 ரூபாய் வீதம் மாதம் 600. யூனிஃபார்ம், பாதுகாப்பு ஷூ, கண்ணாடி எல்லாம் சேர்த்து மாதம் 300. கூட்டினால் 23,800 ரூபாய் வருகிறது. சம்பளத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இதுவரை எந்தக் கணக்காளரும் சொல்லிவிடுவார். அடுத்ததில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த 23,800-க்கு எத்தனை மணி நேர வேலை கிடைக்கிறது? வாரவிடுப்பு போக மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 312 நாள். தமிழ்நாட்டுச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள் என்று ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சேரும் விடுப்பு ஏறக்குறைய 15 நாள். மிச்சம் 288. வருடச் செலவான 2,85,600 ரூபாயை 288 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணி நேரம் 124 ரூபாய். சம்பளத்தை மட்டும் 26 நாளுக்கு வகுத்துப் பார்த்தால் 87 ரூபாய்தான் வரும். இந்த முதலாளி அந்த 87-ஐ வைத்துத்தான் இத்தனை வருடமும் வாடிக்கையாளர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். மணிக்கு 37 ரூபாய் கையிலிருந்து போயிருக்கிறது.

விடுப்பையோ வைப்பு நிதியையோ குறைக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவை அந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டியவை. வைப்பு நிதியைத் தாமதமாகக் கட்டினால் வருடத்துக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் அபராதமும் வரும். சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ.யில் பதியாமல் விட்டு, மறுவாரம் கையில் அடிபட்டால் முழுப் பொறுப்பும் பட்டறையின் தலையில் விழும். செலவு எவ்வளவோ அவ்வளவையும் விலையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

இனி, புதிய ஆள் என்பதால் மட்டும் வரும் செலவு. இந்தப் பட்டறையில் மூன்றாம் நம்பர் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் 400 ரூபாய் கூலி. கரண்ட், இன்சர்ட், கூலன்ட் ஆயில் போனால் 300 நிற்கும். எட்டு மணி நேர ஷிஃப்டில் உருப்படியாக ஓடுவது ஏழு மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 2,100 ரூபாய். வேலை தெரிந்த ஆள் மாதம் 25 நாளில் 52,500 ரூபாய் ஈட்டித் தருகிறார். அதில்தான் அவருடைய செலவு, மெஷின் தவணை, வாடகை, லாபம் எல்லாம்.

ஒரு உருப்படிக்கு மாட்டிக் கழற்றுவதையும் சேர்த்து நான்கு நிமிடம். ஏழு மணி நேரத்துக்கு 105 உருப்படி. கடைசியாகச் சேர்ந்த பையன் ஐ.டி.ஐ. முடித்தவன், கெட்டிக்காரன். இருந்தாலும் முதல் மாதம் அவன் சராசரி 42-ஐத் தாண்டவில்லை. சக்கில் மாட்டி, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கும் முன் இரண்டு முறை யோசிப்பான். யோசிக்கத்தான் வேண்டும், யோசிக்காத புது ஆளைக் கண்டால்தான் எனக்குப் பயம். இரண்டாம் மாதம் 65 சதவீதம், மூன்றாம் மாதம் 85, நான்காம் மாதம் முழு அளவு. முதல் மாதம் குறைந்த 60 சதவீதத்தின் மதிப்பு 31,500 ரூபாய். இரண்டாம் மாதம் 18,375. மூன்றாம் மாதம் 7,875. மொத்தம் 57,750.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. இந்தத் தொகையோடு அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் 'பயிற்சிச் செலவு' என்று மறுபடி சேர்க்கக் கூடாது. சம்பளம் ஏற்கனவே மாதக் கணக்கில் ஏறிவிட்டது; சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை எழுதியதாகும். அடுத்து, செய்ய வேலை காத்திருந்தால்தான் இது நட்டம். ஆர்டர் இல்லாத மாதத்தில் 42 உருப்படியே போதும் என்றால் மெதுவாக ஓடியதில் எதுவும் போகவில்லை. புதிய ஆளைச் சேர்க்க ஏற்ற சமயமும் அதுதான். ஆனால் நம் பட்டறைகளில் நடப்பது நேர்மாறு. அவசர ஆர்டர் வந்த பிறகுதான் ஆள் தேடுகிறோம். வந்த அன்றே அந்த ஆர்டரில் நிறுத்துகிறோம்.

அப்படி நிறுத்தியதன் விளைவை அந்தப் பையனின் ஒன்பதாம் நாளில் பார்த்தேன். 6205 பேரிங் உட்காரும் துளை அது. விட்டம் 52 மில்லிமீட்டர். அதற்கு மேல் 30 மைக்ரான் வரை போகலாம், 52-க்குக் கீழே வரக் கூடாது. கடையும் இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். அதற்கேற்ப ஆஃப்செட்டைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அன்று அளந்தபோது 51.99 வந்தது. 0.02 கூட்ட வேண்டும். பையன் 0.2 என்று தட்டிவிட்டான். ஒரு பூஜ்ஜியம். துளை 52.19 ஆனது. துளை சிறியதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம்; பெரியதாகிவிட்டால் இரும்புக் கடைக்குத்தான். ஆஃப்செட் மாற்றியதும் அடுத்த உருப்படியைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்பது பட்டறை விதி. அதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, வண்டி வெளியே நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் செட்டர் வந்து கேஜ் வைத்துப் பார்க்கும்போது 18 உருப்படி முடிந்திருந்தன. பேரிங் தானாகவே உள்ளே விழுந்தது. பையன் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஒரு உருப்படிக்கு வாடிக்கையாளர் 180 ரூபாய் டெபிட் போடுவார். மூன்று மாதத்தில் இப்படிக் கெட்டவை 60. ஆக 10,800 ரூபாய். உடைந்த இன்சர்ட்டுகளும், ஒருமுறை சக்கில் மோதி வீணான ஒரு டூல் ஹோல்டரும் 6,000. இரண்டும் சேர்ந்து 16,800.

செட்டரின் நேரம் இருக்கிறது. அவருக்கு ஆகும் முழுச் செலவு மணிக்கு 200 ரூபாய். முதல் மாதம் தினமும் இரண்டு மணி நேரம், அடுத்த மாதம் ஒரு மணி நேரம், மூன்றாம் மாதம் அரை மணி நேரம் என்று 87 மணி நேரம் பையனோடு நின்றார். 17,400 ரூபாய். இதைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறேன். அவர் மூன்றாம் மெஷினில் நிற்கும்போது முதல் மெஷின் அடுத்த செட்டிங்குக்காகக் காத்து நின்றால், அங்கேயும் மணிக்கு 300 ரூபாய் போகிறது. அதை எழுதி வைக்க ஆளில்லாததால் சேர்க்கவில்லை.

ஆள் தேடிய செலவு 8,000. ஏஜென்ட்டுக்கு 5,000, மூன்று பேரைத் தலா அரை நாள் மெஷினில் நிறுத்திப் பார்த்ததில் ஓட்டம் கெட்டது 3,000. வெர்னியர், மைக்ரோமீட்டர், கருவிப்பெட்டி வாங்க 12,000 ஆனது. அதை இந்தக் கணக்கில் ஏற்றவில்லை. ஆள் போனாலும் மைக்ரோமீட்டர் பெட்டியில் இருக்கும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பழகிய கையும் பழகிய கண்ணும் ஆளோடு போய்விடும்.

இப்போது கூட்டலாம். தேடியது 8,000, மெதுவாக ஓடியது 57,750, செட்டர் 17,400, கெட்டதும் உடைந்ததும் 16,800. மொத்தம் 99,950 ரூபாய். லட்சத்துக்கு ஐம்பது ரூபாய் குறைவு. கால்குலேட்டரை முதலாளி என் கையிலிருந்து வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

இந்த ஒரு லட்சம் பெரிதா சிறிதா என்பதை அந்த ஆள் எத்தனை நாள் இருக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. மூன்று வருடம் இருந்தால் மாதம் 2,776 ரூபாய் வீதம் கரைந்துவிடும். அவருக்கான உண்மையான மாதச் செலவு 26,576. ஒரே வருடத்தில் போனால் மாதம் 32,129. ஐந்து மாதத்தில் போனால் 43,790. அதே 18,000 ரூபாய் சம்பளம்தான், அதே மெஷின்தான். வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்று முதலாளிகள் அலுத்துக்கொள்ளும் இரண்டும் சேர்ந்து மாதம் 2,535 ரூபாய். ஐந்தாம் மாதம் கிளம்பிப் போகும் ஆள் அதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கை மாதாமாதம் கொண்டுபோயிருக்கிறார்.

மூன்றாம் மெஷினிலிருந்து முதலில் போனவர் ஏன் போனார் என்று விசாரித்தேன். பக்கத்துத் தெருவில் 1,500 ரூபாய் அதிகம் தந்தார்கள். கேட்டபோது நம் முதலாளி முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த 1,500-ஐக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போனஸில் 125, பணிக்கொடையில் 72, இ.எஸ்.ஐ.யில் 49 கூடும். சம்பளம் ஏற்கனவே 15,000-க்கு மேல் என்பதால் வைப்பு நிதி கூடாது. ஆக மாதம் 1,746. வருடத்துக்கு 21,000-க்குச் சற்றுக் குறைவு. ஒருவரை மாற்றிய செலவில் அந்த உயர்வை நான்கேமுக்கால் வருடம் கொடுத்திருக்கலாம்.

எல்லா உயர்வும் இவ்வளவு நேராக இருக்காது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே போய்விடும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற அரையாண்டின் நடுவில் தாண்டினால் அந்த அரையாண்டு முடியும்வரை தொடரும், அப்புறம் நின்றுவிடும். வீட்டில் சர்க்கரை நோய்க்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மாத்திரை வாங்கும் அம்மா இருந்தால், 21,500 ரூபாய் சம்பளம் அந்தத் தொழிலாளிக்கு உயர்வாகத் தெரியாது. உயர்த்துவதற்கு முன் அவரிடமே கேட்டுவிட வேண்டும். ஒன்று கொஞ்சம் கீழே நிறுத்தி வேறு வகையில் கொடுக்கலாம், அல்லது நன்றாகவே மேலே போய் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம்.

மத்திய அரசு 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்க்கப்படும் ஆட்களுக்காக ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. பிரதமரின் விகசித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்று பெயர். 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளம் என்றால் மாதம் 2,000 ரூபாய் முதலாளிக்கு வரும். உற்பத்தித் தொழிலுக்கு நான்கு வருடம் வரை உண்டு. ஆனால் 50 பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும். போனவருக்குப் பதிலாக எடுப்பவர் கூடுதல் ஆள் ஆகமாட்டார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் பட்டறைக்கு இந்தப் பணம் கிடைக்காது.

இந்த எண்கள் எல்லாம் ஒரு பட்டறைக்கு உரியவை. உங்கள் இடம் துணிக்கடையாக இருக்கலாம், ஆடிட்டர் ஆபீஸாக இருக்கலாம். மெஷின் ஓட்டத்துக்குப் பதிலாக முடித்த பில்கள், பார்த்த வாடிக்கையாளர்கள் என்று எதையாவது எண்ண வேண்டியிருக்கும். எண்ணுவதற்கு மென்பொருள் தேவையில்லை. அந்தப் பட்டறையில் இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் அவர் பெயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுகிறார்கள். தேதி, முடித்த உருப்படி, கெட்ட உருப்படி, செட்டர் நின்ற நேரம் என்று நான்கு கட்டம். தொண்ணூறு நாள். மாலையில் எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆகிறது.

அந்த நோட்டு செலவைக் காட்டுவதோடு நிற்பதில்லை. முடித்தது ஏறி, கெட்டது இறங்கினால் ஆள் தேறி வருகிறார். இரண்டும் சேர்ந்து ஏறினால் அவசரப்படுகிறார், அல்லது யாரோ அவரை அவசரப்படுத்துகிறார். முடித்தது மூன்று வாரமாக ஒரே இடத்தில் நின்று செட்டர் நேரமும் குறைந்திருந்தால் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். அங்கே குறை அந்தப் பையனிடம் இல்லை. ஒன்பதாம் நாள் 18 உருப்படி கெட்டதற்கு அடுத்த நாளிலிருந்து, முதல் இரண்டு வாரம் எந்தப் புது ஆளும் அவசர ஆர்டரில் நிற்கக் கூடாது என்று முதலாளியே உத்தரவு போட்டார். ஆஃப்செட் மாற்றினால் உடனே அளக்க வேண்டும் என்று மெஷின் கதவில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்தப் பையன் இப்போது ஒரு நாளைக்கு 108 உருப்படி முடிக்கிறான். ஒரு வருடம் நிறைந்த மாதத்தில், அவன் கேட்பதற்கு முன்பே, 1,500 ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். உங்கள் கடையிலோ ஆபீஸிலோ அடுத்த ஆள் சேரும் நாளில், சம்பளம் பேசி முடித்த கையோடு ஒரு நோட்டு வாங்கி வையுங்கள்.